காற்று எந்த வழியால் உள்ளே வரும்? திருகோணமலை மாணவியர் விடுதி ஒன்றிலிருந்து எழுதிய இரண்டு கடிதங்கள்

எங்கள் விடுதியின் மேல்மாடி மண்டபத்துக்கு எக்ஸாஸ்ட் விசிறி கேட்டு முகாமைக் குழுவுக்கு நான் இரண்டு கடிதங்கள் எழுதினேன். மே மாதம் எழுதிய முதல் கடிதம் தோற்றது. யூலையில் எழுதிய இரண்டாவது வென்றது. ஆனால் வென்ற பிறகுதான் பெரிய பிழை ஒன்று நடந்தது. விசிறி பூட்டிய முதல் இரவிலேயே மண்டபம் முழுக்க மலசலகூட நாற்றம் ஏறியது. வேறு விடுதிகளில் பொறுப்பாக இருப்பவர்களுக்கு உதவும் என்பதால், அது ஏன் நடந்தது, எப்படிச் சரியானது என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

மூதூர், ஈச்சிலம்பற்று, கிண்ணியா, குச்சவெளிப் பக்கங்களிலிருந்து திருகோணமலை நகருக்குப் படிக்க வரும் பிள்ளைகள் இங்கே தங்குகிறார்கள். மேல்மாடியில் ஒரே நீண்ட மண்டபம். நாற்பது அடி நீளம், இருபது அடி அகலம், பத்து அடி உயரம். அதற்குள் பதினெட்டு அடுக்குக் கட்டில்கள், முப்பத்தாறு பிள்ளைகள். ஒருவருக்கு இருபத்திரண்டு சதுர அடி வருகிறது. ஒப்பிட ஒரு அளவு சொல்கிறேன். இடர்க்காலத் தங்குமிடங்களுக்கான உலகளாவிய ஸ்பியர் கைந்நூல் ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ முப்பத்தெட்டுச் சதுர அடி வேண்டும் என்கிறது. வீடிழந்து முகாமில் இருப்பவருக்குச் சொல்லப்பட்ட அளவு அது. அதில் பாதிக்குச் சற்று மேலான இடத்தில் எங்கள் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் படித்து உறங்குகிறார்கள்.

மண்டபம் வடக்குத் தெற்காக நீண்டது. மேற்குச் சுவர் தெருவைப் பார்க்கிறது. அதில் நான்கு யன்னல்கள் இருந்தும் தெருவிலிருந்து உள்ளே தெரியும் என்ற காரணத்தால் கீழ்ப்பாதிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே பிளைவுட் அடித்துவிட்டார்கள். மேல்பாதி அசையாத கண்ணாடி. கிழக்குச் சுவரிலும் நான்கு யன்னல்கள் உண்டு. அவை கொல்லைப்புறத்தைப் பார்க்கின்றன, கூரைகளுக்கு அப்பால் கடல். அவை திறக்கும், ஆனால் நுளம்பு வலை அடித்தவை. வடக்கு முனையில் ஒரு கதவும் அதற்கு அப்பால் குளியலறையும் மலசலகூடங்களும். தெற்கு முனையில் படிக்கட்டு. கூரை அஸ்பெஸ்டஸ் சீற், அதன் கீழே மெல்லிய தட்டை மச்சு. இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எல்லாம் புரியும்.

முதல் கடிதம் ஏன் தோற்றது

மே மாதத்தில் சோளகம் தொடங்கி, பகலில் கச்சான் காற்று தரையின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வரும். அந்த நாட்களில் மேல்கட்டிலில் படுக்கும் பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்குப் பாயை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் வந்து படுப்பார்கள். காலையில் தலையிடி. ஒருத்திக்குத் தடிமன் வந்தால் அந்தக் கிழமைக்குள் பத்துப் பேருக்கு வரும். மேற்குச் சுவரில், அலுமாரிகளின் பின்னால், கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. நான் மனம் பொறுக்காமல் எழுதிய கடிதத்தின் முக்கிய வரி இது:

“மண்டபத்தில் காற்று இல்லை. பிள்ளைகள் வெக்கையால் மிகவும் கஷ்டப்படுகிறார்கள். எனவே எக்ஸாஸ்ட் விசிறிகள் பெற்றுத்தந்து காற்றோட்டத்தைச் சீர்செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

மூன்று கிழமையில் பதில் வந்தது. கூடுதலாக இரண்டு கூரை மின்விசிறிகள் அனுமதித்திருந்தார்கள். முகாமைக் குழு இரக்கமில்லாதது என்று அப்போது நினைத்தேன். அது பிழையான எண்ணம். நம் பேச்சில் ‘காற்று இல்லை’ என்றால் உடம்பில் காற்றுப் படவில்லை என்றே பொருள் கொள்வோம். வெக்கை என்றும் எழுதினேன். வெக்கைக்கு எல்லோரும் அறிந்த மருந்து மின்விசிறி. நான் எழுதியதற்கு அவர்கள் சரியான பதிலையே தந்தார்கள். எழுதியதுதான் தவறு.

கூரை மின்விசிறி அறைக்குள் இருக்கும் அதே காற்றையே சுழற்றுகிறது. வியர்வை உலர்வதால் உடம்புக்குச் சுகமாக இருக்கும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முப்பத்தாறு பேர் மூச்சில் விட்ட காற்றும் ஈரமும் அறையை விட்டு வெளியே போவதில்லை. உறங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து மணிக்கு ஏறத்தாழ நாற்பது கிராம் நீர் ஆவியாகிறது. முப்பத்தாறு பேர் எட்டு மணி நேரம் உறங்கினால் பதினொரு லீற்றருக்கு மேல். ஒவ்வோர் இரவும் ஒரு வாளித் தண்ணீரை அறைக்குள் தெளித்தது போலத்தான். பூஞ்சணத்துக்குக் காரணம் கூரை ஒழுக்கு என்றே நாங்கள் நம்பியிருந்தோம். மழையே இல்லாத யூன் மாதத்திலும் அது வளர்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. மேலும் இரண்டு கூரை விசிறிகள் சுழன்றன, படிக்கட்டில் பாய்கள் குறைந்தன, ஆனால் காலைத் தலையிடி அப்படியே இருந்தது.

அளந்த இரவு

மாணவி ஒருத்தியின் தகப்பனார் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர். மகளைப் பார்க்க வந்தவரிடம் குறையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “மிஸ், விசிறி காற்றை வெளியே தள்ளும். சரி. உள்ளே வரும் காற்று எந்த வழியால் வரும்?” எனக்குப் பதில் தெரியவில்லை. “அதைக் கண்டுபிடித்த பிறகு கடிதம் எழுதுங்கள்” என்றார்.

அவர் சொன்னபடி முதலில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு மண்டபம் முழுவதும் நடந்தேன். கிழக்கு யன்னலருகே புகை சற்று உள்ளே வந்து, சிறிது நேரத்தில் அதே யன்னல் வழியே திரும்பி வெளியே போனது. நடு மண்டபத்தில் நேராக மேலே ஏறி மச்சில் பரவி நின்றது. மேற்குச் சுவரருகே அசைவே இல்லை. ஒரு பக்கம் மட்டும் திறந்த அறையில் காற்று அந்தப் பக்கத்தை ஒட்டியே நின்றுவிடும். ஊடறுத்து ஓட எதிர்ப்பக்கத்தில் வாய் வேண்டும். வாயைத்தான் பிளைவுட் அடைத்திருந்தது.

பிறகு யூலையில் ஒரு இரவு பதினொரு மணிக்கு வெப்பமானியை மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தேன். வெளியே 28 பாகை. கீழ்க்கட்டிலில் 31. மேல்கட்டிலில் 33. பகல் முழுவதும் வெயில் குடித்த கூரை இரவிலும் சூட்டை இறக்குகிறது; சூடான காற்று மேலே தேங்கி நிற்கிறது. மேல்கட்டில் பிள்ளைகள் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்கு இந்த இரண்டு பாகை போதும்.

விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் கொரோனாக் காலத்தில் வாங்கிய காபனீரொட்சைட்டு அளவி இருந்தது. அதை இரவல் வாங்கினேன். வெளிக்காற்றில் அது 420 காட்டியது, பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில். விடியற்காலை நாலரை மணிக்கு மண்டபத்தின் நடுவில் 2400. அந்த அளவு நஞ்சல்ல. அதைக் காட்டி யாரையும் பயமுறுத்தக் கூடாது என்று கடிதம் எழுதும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். காபனீரொட்சைட்டு இங்கே ஒரு அடையாளம் மட்டுமே. வெளிக்காற்று எவ்வளவு குறைவாக வருகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. மூச்சின் வழியே அது சேர்ந்தால் ஈரமும், யாருக்காவது தடிமன் இருந்தால் அதன் கிருமியும் கூடவே சேர்கின்றன.

உறங்கும் ஒருவர் மணிக்கு விடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ பதின்மூன்று லீற்றர். 2400 என்ற நிலையில் அது நிற்கிறதென்றால் ஒருவருக்கு மணிக்கு ஆறரைக் கன மீற்றர் வெளிக்காற்றுதான் கிடைக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட காற்றோட்ட வழிகாட்டியில் ஒருவருக்கு நொடிக்குப் பத்து லீற்றர் என்கிறது. மணிக்கு முப்பத்தாறு கன மீற்றர். தேவையின் ஐந்தில் ஒரு பங்குகூட எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

எத்தனை விசிறி, எந்தச் சுவரில்

முப்பத்தாறு பேருக்கு முப்பத்தாறு கன மீற்றர் வீதம் மணிக்கு ஏறத்தாழ 1300 கன மீற்றர். கடையில் பார்த்த பன்னிரண்டு அங்குல விசிறியின் பெட்டியில் மணிக்கு 950 என்று போட்டிருந்தது. இரண்டு போதும், 1900 வருகிறதே என்று நான் நினைத்தேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் தலையசைத்தார். பெட்டியில் இருப்பது தடையே இல்லாத வெளியில் அளந்த கணக்கு. வெளிப்புறத்தில் தானே திறந்து மூடும் சிறகுத்தட்டு, பறவை நுழையாத வலை, எதிர்ப்பக்கத்தில் நுளம்பு வலை எல்லாம் சேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக எண்ணிக்கொள்ளச் சொன்னார். ஒரு விசிறிக்கு 620 அளவில் வருகிறது. இரண்டு விசிறிக்கு 1240, தேவைக்குச் சற்றுக் குறைவு. மூன்றுக்கு 1860. முன்னிரவில் கூரைச் சூட்டை வெளியேற்ற மூன்றும் வேண்டும். எல்லோரும் உறங்கிய பிறகு சத்தம் குறைய இரண்டு ஓடினால் போதும். ஆகவே மூன்று.

எந்தச் சுவர் என்பதில்தான் நான் மிகவும் தடுமாறினேன். மின்னியலாளர் மேற்குச் சுவரைக் காட்டினார், வயர் இழுக்க வசதி என்றார். எங்கள் இரவுக் காவலாளி முன்பு கடற்றொழில் செய்தவர். அவர் ஒரே பேச்சில் அதை மறுத்துவிட்டார். “மேற்கில் வைத்தால் கச்சான் முகத்தில் அடிக்கும் மிஸ். விசிறி வெளியே தள்ளும், காற்று உள்ளே தள்ளும். இரண்டும் சண்டை பிடிக்கும்.” இந்தக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. பிள்ளைகள் அதிகம் வேகுவதும் அந்த மாதங்களில்தான். இரவில் தரைக்காற்றும் மேற்கிலிருந்தே வரும். எனவே மேற்குச் சுவரில் காற்று நுழைய வேண்டும், கிழக்குச் சுவரின் உச்சியில் விசிறி வெளியேற்ற வேண்டும். அப்போது காற்றும் விசிறியும் ஒரே திசையில் வேலை செய்யும்.

இதிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அந்த நேரத்தில் விசிறியை நிறுத்திவிட்டுக் கிழக்கு யன்னல்களைத் திறந்து வைப்பதே நல்லது. இரண்டாவது, நவம்பரில் தொடங்கும் வாடை மழை கிழக்குச் சுவரில் சாய்ந்து அடிக்கும். விசிறியின் வெளிப்புறத்தில் கீழ்நோக்கி வளைந்த மழைத்தடுப்பு இல்லாவிட்டால் மோட்டார் நனையும். வாடைக்காலத்தில் விசிறி காற்றை எதிர்த்து ஓடுவதால் அதன் பலனும் குறையும். அந்த மாதங்களில் சூடு குறைவு என்பதால் இந்தக் குறையை ஏற்றுக்கொண்டோம்.

காற்று நுழையும் வாய்க்கு மேற்குச் சுவரை உடைக்கத் தேவையிருக்கவில்லை. பிளைவுட்டைக் கழற்றி, வெளியிலிருந்து உள்ளே தெரியாதபடி சாய்வான மரச்சட்டங்கள் அடிப்பதே போதும். மூன்று விசிறிகளுக்கும் தடையற்ற திறப்பாக ஐந்தரைச் சதுர அடி வேண்டும். நுளம்பு வலை அதில் பாதியை விழுங்கும். ஆகவே சட்டங்களுக்கு இடையே பதினொரு சதுர அடி. நான்கு யன்னல்களின் கீழ்ப்பாதிகளும் சேர்ந்து முப்பத்திரண்டு சதுர அடி. சட்டங்கள் மறைத்தது போக மூன்றில் ஒன்று திறந்திருந்தாலே கணக்குச் சரிவருகிறது. வலையை எடுத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். 2017இல் டெங்கு வந்தபோது கிண்ணியா பட்ட பாட்டை அறிந்த பெற்றோர் எவரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். நானும் சம்மதிக்க மாட்டேன்.

இரண்டாவது கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

விடயம்: மேல்மாடி உறங்கும் மண்டபத்தில் வெளிக்காற்று நுழையவும் உட்காற்று வெளியேறவும் வழிசெய்தல்

கூரை மின்விசிறிகள் இரண்டு தந்து உதவியமைக்கு நன்றி. அவற்றால் பிள்ளைகளுக்கு ஓரளவு சுகம் கிடைத்துள்ளது. எனினும் அவை உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றுவதால் கீழ்க்காணும் குறை தீரவில்லை.

மண்டபத்தில் 36 மாணவியர் உறங்குகின்றனர். மேற்கு யன்னல்கள் அடைக்கப்பட்டுள்ளதால் காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓட வழியில்லை. இம்மாதம் விடியற்காலை 4.30க்கு அளந்தபோது காபனீரொட்சைட்டு 2400 ஆக இருந்தது, வெளியே 420. இரவு 11 மணிக்கு மேல்கட்டிலில் வெப்பம் வெளியைவிட 5 பாகை அதிகம். அளவீட்டுத் தாள் இணைத்துள்ளேன். தாங்கள் விரும்பினால் எந்த இரவிலும் நேரில் வந்து பார்க்கலாம்.

இதற்காகப் பின்வரும் இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்துதருமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, கிழக்குச் சுவரில் மச்சை ஒட்டி 12 அங்குல எக்ஸாஸ்ட் விசிறிகள் மூன்று. கடல் உப்புக் காற்றில் இரும்பு இதழ்கள் விரைவில் துருப்பிடிப்பதால் பிளாஸ்டிக் இதழும் துருப்பிடிக்காத திருகாணிகளும் வேண்டும். உட்புறத்தில் விரல் நுழையாத பாதுகாப்புக் கூடும், வெளிப்புறத்தில் தானே மூடும் சிறகுத்தட்டும் மழைத்தடுப்பும் அவசியம். இரண்டாவது, மேற்கு யன்னல்கள் நான்கிலும் பிளைவுட்டை அகற்றிச் சாய்வுச் சட்டங்களும், கழற்றிக் கழுவக்கூடிய சட்டகத்தில் நுளம்பு வலையும் பொருத்துதல். இரண்டாவது வேலை இல்லாமல் முதலாவது பயன் தராது.

மூன்று விசிறிகளும் முன்னிரவில் 4 மணி நேரமும், பின்னர் இரண்டு மட்டும் 8 மணி நேரமும் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 46 அலகு மின்சாரம் செலவாகும். மூன்று இடங்களில் பெற்ற விலைக்கூறுகளை இணைத்துள்ளேன். மாதம் ஒரு முறை துப்புரவு செய்யும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இவ்விசிறிகள் அறையை வெளிவெப்பத்துக்குக் கீழே குளிர்விக்கமாட்டா என்பதையும், 36 பேருக்கே இக்கணக்குப் போடப்பட்டது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விடுதிப் பொறுப்பாளர்

நேரில் வந்து பார்க்கலாம் என்ற வரிதான் அதிகம் வேலை செய்தது. குழு உறுப்பினர் ஒருவர் தம் மனைவியுடன் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு வந்தார். பிள்ளைகளை எழுப்பி, உடுத்திக்கொள்ள நேரம் கொடுத்து, பிறகு கதவைத் திறந்தேன். வாசலைத் தாண்டியதுமே அந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். தாள்களை அவர் கேட்கவே இல்லை.

நாற்றம் வந்த இரவு

ஓகஸ்டில் மூன்று விசிறிகளும் வந்தன. தச்சு வேலைக்கான பணம் அடுத்த கூட்டத்தில்தான் ஒதுக்கப்படும் என்றார்கள். ‘ஒன்றாக’ என்று நான் எழுதியிருந்தேன். ஆனாலும் விசிறிகளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் புழுங்கவிட எனக்கு மனம் வரவில்லை. பூட்டச் சொன்னேன். அந்த முடிவு என்னுடையது.

முதல் இரவு கிழக்கு யன்னல்களைத் திறந்து வைத்து விசிறிகளைப் போட்டோம். நல்ல இரைச்சல், ஆனால் நடு மண்டபத்தில் ஊதுபத்திப் புகை அசையவில்லை. விசிறிக்கு இரண்டடி கீழே இருந்த யன்னலிலிருந்தே அது காற்றை இழுத்து உடனே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. காற்று எப்போதும் கிட்டிய வழியைத்தான் பிடிக்கும். சரி என்று கிழக்கு யன்னல்களைச் சாத்தினோம். அரை மணி நேரத்தில் நாற்றம் வந்தது.

விசிறி வெளியேற்றும் அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே தீரும். மேற்கு அடைப்பு, கிழக்கு யன்னல்களும் படிக்கட்டுப் பக்கக் கதவும் சாத்தியாகிவிட்டன. எஞ்சியது வடக்கில் குளியலறைப் பக்கக் கதவு. அதன் கீழ் இடுக்கில் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றைப் பிடித்தேன். பட்டென்று மண்டபத்தின் பக்கம் இழுபட்டு நின்றது. கதவைத் திறக்கும்போது கை கனத்தது. மலசலகூடத்தின் காற்றை முழு வேகத்தில் பிள்ளைகளின் கட்டில்களுக்கு மேலாக இழுத்துக்கொண்டிருந்தோம். இரவோடு இரவாக விசிறிகளை நிறுத்தி யன்னல்களைத் திறந்தேன். ஒரு பிள்ளை அழுதாள். “பழையபடியே இருந்திருக்கலாமே மிஸ்” என்றாள். அந்த வார்த்தை இன்றும் என் காதில் நிற்கிறது.

மறுநாள் கடதாசித் துண்டோடு முகாமைக் குழுச் செயலாளரை அழைத்துவந்து, விசிறியைப் போட்டு அதே கதவருகே காட்டினேன். விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் கிழமையே ஆசாரி வந்தார். செப்டெம்பர் தொடக்கத்தில் நான்கு யன்னல்களும் முடிந்தன. கூடவே இரண்டு திருத்தங்களும் செய்தோம். மலசலகூடச் சுவரில் ஆறு அங்குலச் சிறு விசிறி ஒன்றை வைத்து அதை இரவு முழுவதும் ஓடவிட்டோம். அதனால் குளியலறைக் காற்று மண்டபத்துக்கு வராமல் நேரே வெளியே போகிறது. நடுக்கதவு தானே சாத்திக்கொள்ளும்படி சுருள்வில்லும், கீழே ரப்பர் பட்டியும் பொருத்தினோம்.

மேற்குச் சுவரை மறைத்து நின்ற அலுமாரிகளைத் தெற்கு முனைக்கு நகர்த்தியது செலவில்லாத வேலை. ஆனால் அதற்குத்தான் அதிக வாக்குவாதம் நடந்தது, ஏனென்றால் ஒவ்வொருத்திக்கும் தன் கட்டிலருகே தன் அலுமாரி வேண்டும். ஈர உடுப்பை உள்ளே காயவிடுவதையும் நிறுத்தினோம். மழை நாளுக்குப் படிக்கட்டின் மேல்தளத்தில் கொடி கட்டிக்கொடுத்தேன்.

மீண்டும் அளந்தோம். இரவு இரண்டு விசிறிகள் மட்டும் ஓடி, கிழக்கு யன்னல்கள் சாத்தியிருந்த நிலையில் விடியற்காலை நாலரைக்கு 820. வெளியே 28 பாகையாக இருந்த ஓர் இரவில் பதினொரு மணிக்கு மேல்கட்டிலில் முப்பதரை, கீழ்க்கட்டிலில் இருபத்தொன்பதரை. பூஞ்சணத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசிய இடத்தில் வாடைக்காலம் முடியும்வரை அது திரும்ப வரவில்லை. தடிமன் குறைந்ததா என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் பள்ளியிலும் பஸ்ஸிலும் நெருங்கித்தான் இருக்கிறார்கள். ஒரு பருவத்தை வைத்து நான் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். தலையிடி என்று காலையில் வந்து நிற்பவர்கள் குறைந்தார்கள். அதைச் சொல்லலாம்.

குறைகளும் உண்டு. கச்சான் கடுமையாக அடிக்கும் பகலில் வெளியே முப்பத்தைந்து பாகை இருக்கும்போது விசிறியைப் போட்டால் அந்தச் சூட்டைத்தான் உள்ளே அழைக்கிறோம். ஆகவே மாலை ஏழு மணிக்கு முன் போடுவதில்லை. கூரைச் சூட்டுக்கு உண்மையான வைத்தியம் மச்சுக்கு மேலே வெப்பத் தடுப்புத் தாள் விரிப்பது. அதற்கு இன்னும் பணம் கிடைக்கவில்லை. விசிறிக்கு நேர்கீழே இருந்த மூன்று மேல்கட்டில்களின் தலைமாட்டை இரைச்சலுக்காக மறுபக்கம் திருப்பினோம்.

துப்புரவை விட்டால் இரண்டே மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். முடியும் நூலும் சேர்ந்த தூசி சிறகுத்தட்டில் ஒட்டி, உப்பு ஈரத்தில் பசையாகிறது. நவம்பரில் நடு விசிறி ஓடியும் தட்டு பாதிதான் திறந்தது. உள்ளே நின்று பார்த்தால் தெரியாது. இரைச்சல் வழக்கம்போல் இருக்கும். கொல்லையில் இறங்கி நின்று, விசிறியைப் போடச் சொல்லி, தட்டுகள் மூன்றும் முழுதாக நிமிர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மேற்கு வலைகளுக்குக் கடதாசிச் சோதனை: சட்டத்தருகே பிடித்த துண்டு உள்ளே இழுபட வேண்டும். இழுபடாவிட்டால் வலை அடைத்திருக்கிறது, அல்லது யாரோ கிழக்கு யன்னலைத் திறந்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை இரண்டையும் பிள்ளைகளே செய்து கொப்பியில் குறிக்கிறார்கள்.

சனவரியில், புதிய ஆண்டுச் சேர்க்கைக்காக, குழுவிலிருந்து ஒரு கேள்வி வந்தது. இப்போது காற்றோட்டம் சரியாகிவிட்டதால் இன்னும் இரண்டு அடுக்குக் கட்டில்கள் போடலாமா என்று கேட்டிருந்தார்கள். கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. வெளியே இடம் தேடி அலையும் நான்கு பிள்ளைகளின் விண்ணப்பங்கள் என் மேசையிலும் இருந்தன. இரண்டாவது கடிதத்தின் கடைசி வரியை எடுத்துக்காட்டிப் பதில் எழுதினேன். நாற்பது பேருக்கு மணிக்கு 1440 கன மீற்றர் வேண்டும்; இரவில் ஓடும் இரண்டு விசிறிகள் தருவது 1240. மூன்றாவதையும் இரவு முழுவதும் ஓட்டலாம்தான். ஆனால் கட்டில்கள் போட எஞ்சியிருக்கும் இடம் மேற்கு யன்னல்களின் முன்னால் மட்டுமே. அங்கே போட்டால் மெத்தைகள் சட்டங்களை மறைத்துவிடும், காற்று மீண்டும் வடக்குக் கதவைத் தேடிப் போகும். கீழ்மாடியில் பழைய தளபாடங்கள் அடைந்து கிடக்கும் அறையில் இரண்டு பக்கமும் திறக்கும் யன்னல்கள் உண்டு. அதை ஒழித்துத் தந்தால் நான்கு பேருக்குத் தாராளம் என்றும் எழுதினேன். மாசியில் அந்த அறை ஒழிந்தது. மேல்மாடிக் கதவின் மேல் நான் எழுதி ஒட்டிய ‘36’ இன்னும் அப்படியே இருக்கிறது.